நிலுவையில் நிற்கும் பயணச் செலவுத் தொகை: அக்கவுண்ட்ஸுக்கு நினைவூட்டல் கடிதம் எழுதுவது எப்படி

டூர் போய்க் கைக்காசு போட்டுச் செலவு செய்தாயிற்று. பில் எல்லாம் ஒட்டிக் கொடுத்து இரண்டு மாதம் ஆகியும் பணம் வரவில்லை. மேனேஜரைக் கேட்டால் "நான் அப்பவே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேனே" என்கிறார். அக்கவுண்ட்ஸுக்கு போன் போட்டால் "ப்ராசஸ்ல இருக்கு சார்" என்று பதில் வருகிறது. வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் இந்தக் கட்டத்தில்தான் கடிதம் எழுத உட்காருகிறார்கள். பெரும்பாலும் இப்படி எழுதுகிறார்கள்: "எனது கிளைம் தொகை நீண்ட நாட்களாக நிலுவையில் உள்ளது. விரைவில் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

பணிவில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அக்கவுண்ட்ஸில் இருப்பவர் எதுவும் செய்ய முடியாது. எந்த கிளைம், எந்த மாதம் வந்தது, எவ்வளவு, யார் கையில் நிற்கிறது என்பதை எல்லாம் அவரே தேடியாக வேண்டும். தேட நேரமில்லாமல்தான் அது இத்தனை நாள் கிடந்தது. ஆகவே நல்ல நினைவூட்டல் கடிதம் அந்தத் தேடலை நம் பக்கத்தில் முடித்துவிட்டு, அவர் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை மட்டும் சொல்ல வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு கடைசி வரை போகலாம். பெயரும் தொகையும் உங்களுக்கு மாறும், வழி மாறாது.

கணக்கு இதுதான்

தலைமை அலுவலகம் கோவையில் உள்ள ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனம். அதன் மதுரைக் கிளையில் ஒரு சர்வீஸ் இன்ஜினியர். 2025 மே 5 முதல் 9 வரை திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் என்று டூர் போகிறார். புறப்படும்போது ரூ. 4,000 அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். திரும்பி வந்து கொடுத்த கிளைமில் பஸ் கட்டணம் ரூ. 1,240, நான்கு இரவு லாட்ஜ் வாடகை ரூ. 4,400, நாளுக்கு ரூ. 450 வீதம் ஐந்து நாள் டிஏ ரூ. 2,250, உள்ளூர் ஆட்டோ ரூ. 860. இவற்றோடு நாகர்கோவிலில் வாடிக்கையாளர் இடத்தில் பம்ப் ஒழுகியதால் அவசரத்துக்குக் கடையில் வாங்கிய மெக்கானிக்கல் சீல் ஒன்று, ரூ. 1,850. மொத்தம் ரூ. 10,600. அட்வான்ஸ் போக வர வேண்டியது ரூ. 6,600.

மே 14 அன்று மேனேஜரிடம் கொடுத்தார். 19 அன்று மேனேஜர் கையெழுத்திட்டார். 20 அன்று அசல் பில்கள் கூரியரில் கோவைக்குப் போயின. ஜூலை பாதி ஆகியும் பணம் வரவில்லை.

எழுதும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் உங்கள் வங்கிக் கணக்கைப் பாருங்கள். கேட்கச் சாதாரணமாகத் தோன்றும், ஆனால் பல நிறுவனங்களில் டூர் பணத்தைத் தனியாகப் போடாமல் சம்பளத்தோடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள். கிளைம் கொடுத்த நாளிலிருந்து வந்த ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்து, வழக்கமான தொகையைவிடக் கூடுதலாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்த பணத்தை வரவில்லை என்று எழுதினால், அடுத்த முறை உங்கள் கடிதத்துக்கு மதிப்பு இருக்காது. சம்பளச் சீட்டில் குறைவும் தெரியலாம். கிளைம் பாஸ் ஆகாத வரை அட்வான்ஸ் உங்கள் பெயரில் கடனாகவே நிற்கும். சில இடங்களில் குறிப்பிட்ட நாளுக்குமேல் கணக்கு முடியாத அட்வான்ஸைச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அப்படிப் பிடித்திருந்தால் உங்களுக்கு வர வேண்டிய தொகையே மாறிவிடும், கடிதத்தில் எழுத வேண்டிய கணக்கும் மாறும்.

அடுத்து, கிளைம் எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நடுத்தர நிறுவனம் ஒன்றில் பொதுவாக ஐந்து படி இருக்கும். மேனேஜர் ஒப்புதல், அக்கவுண்ட்ஸில் பதிவு, பில் சரிபார்ப்பு, ஃபைனான்ஸ் மேனேஜர் பாஸ் செய்வது, பிறகு வங்கிக்குப் போவது. "ப்ராசஸ்ல இருக்கு" என்ற சொல் இந்த ஐந்தில் எதற்கும் பொருந்தும். அதனால் போனில் "பணம் எப்ப வரும்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எதிர்முனையில் இருப்பவரால் பொறுப்பாகப் பதில் சொல்ல முடியாது, ஆகவே பொதுவாக எதையாவது சொல்வார். "என் மே மாத டூர் கிளைம் உங்க ரிஜிஸ்டர்ல ஏறியிருக்கா மேடம்? வவுச்சர் நம்பர் போட்டாச்சா?" என்று கேளுங்கள். இதற்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும்.

பதிவே ஆகவில்லை என்றால் கவர் வழியில் எங்கோ நின்றுவிட்டது. கூரியர் ரசீதும் டெலிவரி விவரமும் தேவை. பதிவாகி வவுச்சர் எண் விழவில்லை என்றால் சரிபார்ப்பில் ஏதோ தடை. வவுச்சர் போட்டு பாஸும் ஆகிவிட்டது என்றால் வங்கிப் பக்கம் பார்க்க வேண்டும். வங்கிக்கு என்இஎஃப்டி-யில் அனுப்பியாயிற்று என்று சொன்னால், அனுப்பிய தேதியையும், அந்தப் பரிமாற்றத்தை அடையாளம் காட்டும் யூடிஆர் எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரிலிருந்து என்இஎஃப்டி நாள் முழுக்க அரைமணிக்கு ஒருமுறை நடக்கிறது, விடுமுறை நாளிலும் நடக்கிறது. மறுநாளும் உங்கள் கணக்கில் ஏறவில்லை என்றால் அது வழியில் இருப்பதாக நினைத்துக் காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் கணக்கு எண் தவறு அல்லது வங்கி இணைப்புக்குப் பிறகு மாறிய பழைய ஐஎஃப்எஸ்சி கோடு காரணமாகக் கம்பெனிக் கணக்குக்கே திரும்பியிருக்கும்.

நம் இன்ஜினியர் இப்படிக் கேட்டபோது வந்த பதில்: "ரிஜிஸ்டர்ல இருக்கு தம்பி. ஆனா அதுல ஒரு ஸ்பேர் பில் இருக்கே, அதுக்கு ஸ்டோர்ஸ்ல என்ட்ரி வரல. அதனால மொத்தமா எடுத்து வெச்சிருக்கோம்."

ஒரு வரி மொத்தத்தையும் நிறுத்தும்

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நீண்ட நாள் தேங்கும் கிளைம்களில் இதைத்தான் அடிக்கடி காண்கிறேன். பஸ், லாட்ஜ், டிஏ, ஆட்டோ எல்லாம் பயணச் செலவு; மேனேஜர் கையெழுத்து இருந்தால் போதும். மெக்கானிக்கல் சீல் அப்படியில்லை. அது கம்பெனிக்காக வாங்கிய பொருள். யாருக்கு மாட்டியது, வாரன்டியா இல்லையா, வாடிக்கையாளரிடம் பணம் வாங்க வேண்டுமா, பழைய சீல் எங்கே என்று ஸ்டோர்ஸும் சர்வீஸ் பிரிவும் சொல்லாமல் அக்கவுண்ட்ஸால் அதை எந்தத் தலைப்பிலும் எழுத முடியாது. பயண கிளைமுக்குள் அது ஒரு வரியாகப் போய் உட்கார்ந்ததால், ரூ. 1,850-க்காக ரூ. 10,600 முழுவதும் நிற்கிறது. வேண்டுமென்று யாரும் நிறுத்தவில்லை. ஒரு படிவத்துக்கு ஒரு வவுச்சர் என்பதே வழக்கம், பாதி பாஸ் செய்ய அவர்களாக முன்வர மாட்டார்கள்.

நாம் கேட்டால் செய்வார்கள். தடையுள்ள வரியைத் தனியே எடுத்துவிட்டு மீதியை முடித்துத் தரும்படி எழுத்தில் கேட்டுவிட்டால், அவர் கோப்பில் வைத்துக்கொள்ள ஒரு ஆதாரம் கிடைக்கிறது. ரூ. 10,600-இல் ரூ. 1,850 போக ரூ. 8,750. அட்வான்ஸ் ரூ. 4,000 கழித்தால் இப்போது தர வேண்டியது ரூ. 4,750. இந்தக் கணக்கை நாமே போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

உங்கள் தடை வேறாக இருக்கலாம். லாட்ஜ் பில்லில் கம்பெனி பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இல்லாமல் உங்கள் பெயர் மட்டும் இருக்கும். ஆட்டோவுக்கு ரசீது இருக்காது. வெள்ளைத் தெர்மல் தாளில் அடித்த பஸ் டிக்கெட் இரண்டு மாதத்தில் மங்கி எழுத்தே தெரியாமல் போயிருக்கும் (வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்திருந்தால் தப்பிக்கலாம்). எதுவானாலும் அணுகுமுறை ஒன்றுதான்: தடை எந்த வரியில் என்று பெயர் சொல்லி எழுதுங்கள், அதற்கு நீங்கள் தரக்கூடிய பதிலை இணையுங்கள், பதில் தர முடியாததைத் தனியே ஒதுக்கச் சொல்லுங்கள்.

எந்த நாளில் அனுப்புவது

அக்கவுண்ட்ஸுக்கு மாதத்தின் முதல் இருபது நாள் மூச்சு விட நேரமிருக்காது. 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும், சம்பளமும் அந்த வாரத்தில்தான். 11 அன்று ஜிஎஸ்டிஆர்-1, 15-க்குள் பிஎஃப், இஎஸ்ஐ, 20 அன்று ஜிஎஸ்டிஆர்-3பி. மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனங்களில் இந்த வரிசை மாறாது. 5-ஆம் தேதி வந்த நினைவூட்டலைப் படித்துவிட்டு "அப்புறம் பார்க்கலாம்" என்று வைத்துவிட்டால் அது கீழே போய்விடும். 21 அல்லது 22 தேதி வாக்கில் அனுப்புவது நல்லது. உங்கள் நிறுவனத்தில் கிளைம் பணம் போட 10, 25 என்று நாள் வைத்திருந்தால், அந்த நாளுக்கு இரண்டு மூன்று வேலைநாள் முன்னதாகக் கடிதம் போய்ச் சேர வேண்டும். நம் இன்ஜினியர் ஜூலை 22, செவ்வாய்க்கிழமை அனுப்புகிறார்.

கடிதம்

அனுப்புநர்
(பெயர்), ஊழியர் எண் 2317
சர்வீஸ் இன்ஜினியர், மதுரைக் கிளை

பெறுநர்
கணக்கு அலுவலர் அவர்கள்
கணக்குப் பிரிவு, தலைமை அலுவலகம், கோயம்புத்தூர்

நாள்: 22.07.2025

பொருள்: 2025 மே 5–9 பயணச் செலவு ரூ. 10,600 – சீல் பில் ரூ. 1,850-ஐத் தனியே வைத்து மீதியைப் பாஸ் செய்யக் கோருதல்

பார்வை: 1. எனது கிளைம் படிவம், நாள் 14.05.2025 (மேலாளர் ஒப்புதல் 19.05.2025)
2. தங்கள் பிரிவுடன் தொலைபேசியில் பேசியது, நாள் 17.07.2025

அம்மா,

வணக்கம். பார்வை 1-இல் கண்ட கிளைமும் அசல் பில்களும் 20.05.2025 அன்று கூரியர் மூலம் அனுப்பப்பட்டன. அவை தங்கள் பதிவேட்டில் உள்ளன என்றும், மெக்கானிக்கல் சீல் பில்லுக்கு ஸ்டோர்ஸ் பதிவு வராததால் கிளைம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்றும் தொலைபேசியில் தெரிவித்தீர்கள். விவரம் சொன்னதற்கு நன்றி.

அந்த ஒரு பில்லைத் தனியே வைத்துவிட்டு, மீதியைக் கீழ்க்கண்டவாறு பாஸ் செய்து தர வேண்டுகிறேன்.

பயணச் செலவு மொத்தம்: ரூ. 10,600
கழிக்க: சீல் பில்: ரூ. 1,850
மீதி: ரூ. 8,750
கழிக்க: 02.05.2025 அன்று பெற்ற அட்வான்ஸ்: ரூ. 4,000
இப்போது பெற வேண்டியது: ரூ. 4,750

சீல் பில்லுக்கான சர்வீஸ் ரிப்போர்ட்டின் நகலை இணைத்துள்ளேன். பழைய சீலை மதுரைக் கிளை ஸ்டோர்ஸில் ஒப்படைத்துவிட்டேன். அவர்களது பதிவு வந்ததும் அந்தத் தொகைக்குத் தனிப் படிவம் அனுப்புகிறேன்.

ஜூலை 25 பட்டியலில் இதைச் சேர்க்க இயலுமா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். வேறு ஏதேனும் விவரம் தேவைப்பட்டால் இந்த எண்ணில் அழைக்கலாம்: (கைபேசி எண்).

நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: 1. கிளைம் படிவ நகல் 2. எல்லா பில்களின் நகல் 3. கூரியர் ரசீது 4. சர்வீஸ் ரிப்போர்ட் நகல்

ஏன் இப்படி எழுதியிருக்கிறது

பொருள் வரியைப் பாருங்கள். "பயணப்படி தொடர்பாக" என்று விடாமல் டூர் தேதி, தொகை, கோரிக்கை மூன்றும் அதிலேயே இருக்கின்றன. மெயிலில் அனுப்பினாலும் இதே வரியைச் சப்ஜெக்டில் போடுங்கள். ஒரு மாதம் கழித்து அவர் "2317" என்றோ "10,600" என்றோ தேடினால் உங்கள் மெயில் முதலில் வர வேண்டும்.

அட்வான்ஸை நாமே கழித்துக் காட்டியிருக்கிறோம். பலர் இதை எழுதத் தயங்குவார்கள், கொடுப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் சரிபார்ப்பவர் முதலில் தேடுவது அதைத்தான். கடிதத்தில் இல்லாவிட்டால், கடிதத்தில் உள்ள மற்ற எண்களையும் அவர் சந்தேகத்தோடு பார்ப்பார்.

போனில் பேசியதைப் பார்வையில் சேர்த்திருக்கிறோம். ஆனால் பேசியவர் பெயரைப் போடவில்லை. பெயர் போட்டால், "இவர் சொன்னார்" என்று மேலிடத்தில் மாட்டிவிடுவது போல ஆகிவிடும். அடுத்த முறை அவர் போனில் எதுவும் சொல்ல மாட்டார். தேதியும் பிரிவும் போதும்.

இந்தக் கடிதத்தில் இல்லாத சில சொற்களையும் கவனியுங்கள். "பலமுறை கேட்டும்", "இதுவரை எந்த நடவடிக்கையும் இல்லை", "உடனடியாக" என்று எதுவும் இல்லை. தேதிகளே இரண்டு மாதத்தைச் சொல்லிவிடுகின்றன. படிப்பவருக்குக் கணக்குப் போடத் தெரியும். வீட்டுக் கஷ்டத்தையும் எழுத வேண்டாம் என்பேன். இது நீங்கள் செலவழித்த பணம், உதவித்தொகை இல்லை. கஷ்டத்தைச் சொன்னதும் கோரிக்கையின் நிறம் மாறிவிடுகிறது.

கடைசியில், "விரைவில்" என்பதற்குப் பதில் ஒரு பட்டியல் தேதி. அதையும் கட்டளையாகச் சொல்லவில்லை, "இயலுமா என்று தெரிவித்தால்" என்று கேள்வியாக வைத்திருக்கிறோம். தேதி இருந்தால் ஆம், இல்லை, அடுத்த மாதம் என்று ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் கடிதத்தின் நகலை யாருக்கும் அனுப்பாதீர்கள். மேனேஜரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிடுங்கள், அது போதும். ஃபைனான்ஸ் தலைவருக்கு நகல் போட்டால் நினைவூட்டல் புகாராகிவிடும். சரிபார்ப்பவர் விளக்கம் எழுதுவதில் இறங்கிவிடுவார், உங்கள் பில் அப்படியே இருக்கும்.

பதில் வராவிட்டால்

பத்து வேலைநாள் பொறுங்கள். 22-ஆம் தேதி அனுப்பியதற்கு ஆகஸ்ட் 5 வரை. ஆனால் 5 முதல் 20 வரை அவர்களுக்கு நெருக்கடி நாட்கள் என்பதால் ஒரு போன் மட்டும் போட்டுவிட்டு, இரண்டாம் கடிதத்தை ஆகஸ்ட் 21-க்கு வைத்துக்கொள்வேன். அது நான்கு வரிக்குமேல் போகக்கூடாது. முதல் கடிதத்தின் கீழேயே பதிலாக எழுதினால் இணைப்புகளை அவர் மறுபடி தேட வேண்டாம்:

"அம்மா, வணக்கம். கீழே உள்ள 22.07.2025 தேதியிட்ட எனது கடிதம் தொடர்பாக எழுதுகிறேன். ரூ. 4,750 இன்னும் வரவில்லை. கிளைம் இப்போது எந்த நிலையில் உள்ளது என்றும், என் பக்கம் ஏதேனும் பாக்கி உள்ளதா என்றும் தெரிவிக்க வேண்டுகிறேன். தகவலுக்காகக் கிளை மேலாளருக்கு நகல் அனுப்பியுள்ளேன்."

இங்கே மேனேஜருக்கு நகல் போடுவது பொருத்தம். ஒப்புதல் கொடுத்தவர் அவர், கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. இதற்கும் அசைவில்லை என்றால் மூன்றாவது கடிதத்தை உங்கள் பெயரில் எழுதாமல், மேனேஜரை எழுதச் சொல்வதே நல்லது. கிளையிலிருந்து ஃபைனான்ஸ் தலைவருக்குப் போகும் கடிதத்தின் எடை வேறு.

மார்ச்சைத் தாண்ட மட்டும் விடாதீர்கள். நிதியாண்டு முடிந்து கணக்கு மூடிவிட்டால், அந்தச் செலவுக்கு முன்கூட்டி ஒதுக்கீடு செய்திருக்காவிட்டால் முந்தைய ஆண்டுச் செலவு என்று தனி ஒப்புதல் கேட்பார்கள். ஜிஎஸ்டி உள்ள கம்பெனிப் பெயர் பில்லுக்கு இன்னொரு எல்லையும் உண்டு: பில்லில் கட்டிய ஜிஎஸ்டியைக் கம்பெனி தன் வரியில் கழித்துக்கொள்ள, அதாவது உள்ளீட்டு வரி வரவு எடுக்க, அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 வரைதான் நேரம், ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன் தாக்கல் செய்துவிட்டால் அதுவரைதான். நம் சீல் பில் கம்பெனி பெயரில் இருந்தால், அது தள்ளிப்போகப் போகக் கம்பெனிக்கும் நஷ்டம். தனிப் படிவம் அனுப்பும்போது இதை ஒரு வரியில் சொல்லலாம். அக்கவுண்ட்ஸில் உடனே காது கொடுப்பார்கள்.

பணம் வந்ததும்

தொகையைக் கடிதத்தோடு ஒப்பிடுங்கள். ரூ. 4,750-க்குப் பதில் ரூ. 4,310 வந்திருந்தால், குறைந்த ரூ. 440 எந்த வரியில் வெட்டப்பட்டது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாளுக்கு ரூ. 1,100 லாட்ஜ் வாடகையை உங்கள் கிரேடின் வரம்பான ரூ. 990-க்குக் குறைத்திருந்தால் நான்கு இரவுக்குச் சரியாக ரூ. 440 வரும். அப்படியானால் அதில் வாதாட ஒன்றுமில்லை, அடுத்த டூரில் அறை எடுக்கும்போது பார்த்துக்கொள்ள வேண்டும். காரணம் புரியாத வெட்டு என்றால் அந்த வாரமே கேட்டுவிடுங்கள். வவுச்சர் அப்போது கைக்கெட்டும் கோப்பில் இருக்கும்.

பிறகு அதே மெயிலின் கீழ் ஒரு வரி: "ரூ. 4,750 இன்று வரவாயிற்று, நன்றி. சீல் பில் ரூ. 1,850-க்கான படிவம் ஸ்டோர்ஸ் பதிவு எண்ணுடன் தனியே வருகிறது." சரிபார்த்தவர் தன் பக்கம் அதை முடிந்ததாகக் குறித்துக்கொள்வார், ரூ. 1,850 மட்டும் இன்னும் திறந்திருக்கிறது என்பதும் எழுத்தில் நிற்கும். அன்றைக்கே மதுரை ஸ்டோர்ஸுக்கு நடந்து போய் அந்தப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள்.